ஐந்து மணிக்குத் தமிழ், ஒன்பது மணிக்கு மலையாளம்

சிங்கப்பூரில் மாலை ஏழு மணி. கட்டடப் பணி முடிந்து விடுதிக்குத் திரும்பிய ஒருவர், ஊருக்கு அனுப்பிய பணம் மனைவியின் கணக்கில் இன்னும் ஏறவில்லை என்று கேட்க உதவி எண்ணை அழைக்கிறார். அந்த அழைப்பு சென்னையில் ஒலிக்கும்போது இங்கே மணி நாலரை. துபாயில் இருப்பவரும் இதே போல வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் போனை எடுப்பார். அப்போது சென்னையில் இரவு எட்டரை. ரியாத், தோஹா, குவைத் என்றால் ஒன்பதரை.

கூப்பிடுகிறவர்களின் வாழ்க்கை ஒரே மாதிரிதான். பகலெல்லாம் வேலை, மாலையில் குளியல், அதன் பிறகு ஊர்க் கவலை. கடிகாரம்தான் வேறு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவதில் பெரும்பங்கு தமிழ். வளைகுடாவிலிருந்து வருவதில் மலையாளம் முன்னால் நிற்கும், இந்தியும் தமிழும் பின்னால் வரும். ஆக, சென்னையில் இப்படி ஒரு உதவி மையம் நடத்துகிறவருக்கு ஒரே நாளில் இரண்டு அலைகள் உண்டு. முதல் அலை கிழக்கிலிருந்து தமிழில் வரும். இரண்டாவது அலை மேற்கிலிருந்து மூன்று மொழிகளில் வரும்.

எந்த நேரத்தில் எந்த மொழிக்காரர் எத்தனை பேர் நாற்காலியில் இருக்க வேண்டும் என்பதே ரோஸ்டர் போடுகிறவரின் கேள்வி. ‘மொத்தம் இத்தனை அழைப்பு, இத்தனை ஏஜென்ட்’ என்று பார்த்தால் எப்போதும் சரியாகவே தெரியும். ஆனால் ஒரு பக்கம் நான்கு தமிழ் ஏஜென்ட்கள் அழைப்பில்லாமல் உட்கார்ந்திருக்க, மறுபக்கம் மலையாளத்தில் பேச ஆளின்றிப் பத்துப் பேர் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். ஆள் எண்ணிக்கை போதும். அந்த நேரத்துக்கான நாக்குதான் இல்லை.

அழைப்பை வேலையாக மாற்றுவது

ஒரு மாதிரி மையத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் வைத்துக்கொள்பவை. கணக்கு முறை கால் சென்டர்களில் நாள்தோறும் நடப்பது.

நாளை அரை மணித் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு மொழியிலும் எத்தனை அழைப்பு வந்தது என்று கடந்த சில வாரப் பதிவுகளிலிருந்து எழுத வேண்டும். ஒரு அழைப்பைப் பேசி முடித்து, குறிப்பெழுதி, அடுத்ததற்குத் தயாராக 4 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை ஐந்து மணித் துண்டில் தமிழில் 60 அழைப்பு வந்தால் அது 240 நிமிட வேலை. அரை மணி நேரத்தில் ஒருவரிடம் இருப்பது 30 நிமிடம். ஆகவே எட்டுப் பேர் மூச்சுவிடாமல் பேச வேண்டிய வேலை அது. இதை 8 எர்லாங் என்பார்கள்.

எர்லாங் என்பது ஒரு மனிதரின் பெயர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணித அறிஞர் அக்னர் கிராரப் எர்லாங், எத்தனை இணைப்பு இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்பதற்கான சூத்திரங்களை 1917-இல் வெளியிட்டார். இன்றும் ரோஸ்டர் மென்பொருள்களின் அடியில் ஓடுவது அவருடைய கணக்குதான்.

எட்டுப் பேருக்கான வேலைக்கு எட்டுப் பேரை வைத்தால் போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று இடைவெளி விட்டு வருவதில்லை. ஒரு நிமிடம் ஒன்றும் வராது, அடுத்த நிமிடம் ஐந்து சேர்ந்து வரும். எட்டுப் பேருமே எப்போதும் பேசிக்கொண்டிருந்தால் வரிசை கரையவே கரையாது. கொஞ்சம் பேர் சும்மா இருந்தால்தான் வருகிறவருக்கு உடனே பதில் கிடைக்கும். ‘நூற்றில் எண்பது பேருக்கு 20 விநாடிக்குள் பதில்’ என்ற பழக்கமான இலக்கை வைத்து எர்லாங் சூத்திரத்தில் போட்டால், 8 எர்லாங் வேலைக்கு 11 பேர் தேவை.

சிறிய வரிசைக்கு அதிக விலை

அதே சூத்திரத்தில் 4 எர்லாங் வேலையைப் போட்டுப் பாருங்கள். பாதி வேலைதானே, ஐந்தரைப் பேர் போதும் என்று தோன்றும். ஆனால் 7 பேர் வேண்டும். 6 பேரை வைத்தால் நூற்றுக்கு 76 பேருக்குத்தான் நேரத்தில் பதில் கிடைக்கும். இன்னும் சிறியதாக, ஒரே ஒருவருக்கான வேலை, அதாவது 1 எர்லாங் என்றால் 3 பேர் வேண்டும். இருவரை வைத்தால் 69 விழுக்காடுதான்.

வரிசை சிறிதாகச் சிறிதாக, ஒவ்வொரு அழைப்புக்கும் அதிக ஆள் தேவைப்படுகிறது. பெரிய குழுவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அடுத்தவர் இருக்கிறார். மூன்று பேர் குழுவில் இருவர் நீண்ட அழைப்பில் சிக்கினால் மிச்சம் ஒருவர்தான். ஒரு மையத்தை மொழிவாரியாகப் பிரிக்கும்போதெல்லாம் இந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கிறோம். மொழி தெரியாதவரால் அந்த அழைப்பை எடுக்கவே முடியாது என்பதால், வேறு வழியில்லாமல் கொடுக்கும் விலை அது.

நம் மாதிரி மையத்தில் ஐந்து மணிக்குத் தமிழ் 8 எர்லாங், மலையாளமும் இந்தியும் ஏழெட்டு அழைப்புகளோடு தலா 1 எர்லாங். தனித்தனியாக 11, 3, 3 என்று 17 பேர். இரவு ஒன்பது மணிக்கு நிலைமை மாறிவிடுகிறது: மலையாளம் 8, தமிழ் 4, இந்தி 4. தனித்தனியாக 11, 7, 7 என்று 25 பேர்.

ஒரே ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைக் கொண்டு இரண்டு அலைகளையும் சமாளிக்க வேண்டுமானால், ஒவ்வொரு மொழிக்கும் அதன் உச்ச நேரத்துக்குத் தேவையானவர்கள் வேண்டும். தமிழுக்கு 11, மலையாளத்துக்கு 11, இந்திக்கு 7. மொத்தம் 29. இதில் தமிழ்க்காரர்களில் நால்வர் இரவு அலையில் தேவைப்பட மாட்டார்கள். மலையாளக்காரர்களில் எட்டுப் பேர் மாலை அலையில் தேவைப்பட மாட்டார்கள்.

இப்போது மறு எல்லைக்குப் போவோம். எல்லாருக்கும் மூன்று மொழியும் தெரியும் என்று வைத்துக்கொண்டால், மூன்று வரிசைகளும் ஒன்றாகிவிடும். ஒன்பது மணியின் மொத்தம் 16 எர்லாங்குக்கு 20 பேர் போதும். ஐந்து மணியின் 10 எர்லாங்குக்கு 14 பேர் போதும். ஆனால் தமிழும் மலையாளமும் இந்தியும் சரளமாகப் பேசி, பணப் பரிமாற்ற விதிகளையும் அறிந்த 20 பேரை எங்கே தேடுவது? கிடைத்தாலும் அவர்கள் கேட்கும் சம்பளமே வேறு.

இரண்டு மொழி போதும்

இதற்கு விடை நடுவில் இருக்கிறது. 2005-இல் ராட்னி வாலஸ், வார்டு விட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல திறன்கள் தேவைப்படும் அழைப்பு மையங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் இரண்டு திறன் இருந்தாலே, எல்லாருக்கும் எல்லாத் திறனும் இருக்கும் நிலைக்கு மையம் கிட்டத்தட்ட நெருங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஒரு திறனிலிருந்து இரண்டுக்குப் போகும் படிதான் பெரியது. அதற்கு மேல் கிடைக்கும் லாபம் சிறியது.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த இரண்டு மொழி ஜோடிகள் ஒன்றோடொன்று கோத்திருக்க வேண்டும். எல்லா இருமொழிக்காரர்களும் தமிழ்–மலையாளம் என்றே இருந்தால் இந்தி தனித்தீவாகிவிடும். தமிழ்–மலையாளம், மலையாளம்–இந்தி, இந்தி–தமிழ் என்று மூன்று ஜோடியிலும் ஆட்கள் இருந்தால் சங்கிலி முழுமையாகும். இந்தி வரிசை திடீரென நீண்டால் மலையாளம்–இந்திக்காரர் அங்கே போவார். அவர் விட்ட இடத்தைத் தமிழ்–மலையாளக்காரர் நிரப்புவார். அழைப்பு ஓரிடத்திலும் ஓய்வு வேறிடத்திலும் இருந்தாலும் உதவி இரண்டு தாவலில் போய்ச் சேரும்.

நம் ஊரில் இந்த ஜோடிகள் கிடைக்காதவை அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்திலும் பாலக்காட்டுப் பக்கத்திலும் தமிழும் மலையாளமும் வீட்டிலேயே புழங்கும். வளைகுடாவில் சில ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பியவர்களில் பலர் அங்கே பேசிப் பழகிய இந்தியோடு வருவார்கள். ஆள் எடுக்கும்போது ‘எந்த மொழி தெரியும்’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘எந்த ஜோடி நமக்குக் குறைவு’ என்று பார்த்து எடுக்க வேண்டும்.

நம் மையத்துக்கு இப்படி ஒரு பட்டியல் போடலாம். தமிழ்–மலையாளம் 8, மலையாளம்–இந்தி 5, தமிழ்–இந்தி 4, மலையாளம் மட்டும் 3, தமிழ் மட்டும் 2. மொத்தம் 22 பேர். 29-க்குப் பதில் 22. எல்லாம் தெரிந்த 20 பேர் என்ற எல்லைக்கு இரண்டே கூடுதல்.

இந்த 22 போதும் என்பதை எர்லாங் சூத்திரம் உறுதி செய்யாது. அது ஒரே வரிசைக்கு உரிய சூத்திரம். பல வரிசையும் கலந்த ஆட்களும் இருக்கும்போது, அழைப்புகளைக் கணினியில் தற்செயலாக விழவைத்து ஒரு நாளை நூறு முறை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சூத்திரம் தருவது 20, 25 என்ற இரண்டு கரைகளை. எங்கே நிற்கலாம் என்பதை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஷிப்டில் பொருத்துவது

தேவை அரை மணிக்கு ஒருமுறை மாறும். மனிதர் வந்தால் ஒன்பது மணி நேரம் இருப்பார். இந்த இரண்டையும் பொருத்துவதுதான் அடுத்த வேலை.

தமிழ்–மலையாளம் தெரிந்த 8 பேரையும் பிற்பகல் 2 முதல் இரவு 11 வரை வைக்கலாம். இந்த ஏற்பாட்டின் அச்சாணி அவர்கள்தான். மாலை ஐந்துக்குத் தமிழ் பேசுவார்கள், இரவு ஒன்பதுக்கு மலையாளத்துக்கு மாறுவார்கள். அவர்களோடு தமிழ் மட்டும் தெரிந்த 2 பேர், தமிழ்–இந்தி 2 பேர், மலையாளம்–இந்தி 3 பேர். ஐந்து மணிக்கு 15 பேர் இருப்பார்கள். அதில் தமிழ் பேசக்கூடியவர்கள் 12. மிச்சமுள்ள 7 பேர் மாலை 6 மணிக்கு வந்து அதிகாலை 3 வரை இருப்பார்கள். வளைகுடா அலையின் வால் நள்ளிரவு தாண்டியும் நீளும், அதற்கு இவர்கள் வேண்டும்.

இரண்டு அலைக்கும் நடுவில் ஆறரை முதல் எட்டு வரை ஒரு பள்ளம் விழும். இரவுச் சாப்பாடு, டீம் லீடரோடு பேச்சு, பயிற்சி எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்தில் போட வேண்டும். பிரேக் நேரத்தை எல்லாருக்கும் பொதுவாக வைக்காமல் மொழி பார்த்துப் பிரிப்பதும் முக்கியம். ஒன்பது மணிக்கு மலையாளம் தெரிந்த மூவர் ஒன்றாக டீ குடிக்கப் போனால், காகிதத்தில் இருக்கும் 22 உண்மையில் 19 ஆகிவிடும். அதுவும் அந்த நேரத்துக்கு மிகத் தேவையான மூன்று.

காகிதத்துக்கும் நாற்காலிக்கும் உள்ள இடைவெளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வார விடுப்பு, நோய், பயிற்சி என நான்கில் ஒரு பங்கு நேரம் போகும் என்றால், 22 பேர் நாற்காலியில் இருக்க 30 பேர் பட்டியலில் வேண்டும். இதையும் மொழி ஜோடி வாரியாகவே பார்க்க வேண்டும். மலையாளம்–இந்தி 5 பேர் தேவை என்றால் அந்த ஜோடியில் 7 பேர் இருக்க வேண்டும். வேறு ஜோடியில் ஆள் மிஞ்சியிருந்தாலும் அன்று விடுப்பெடுத்தவரின் இடத்தை அது நிரப்பாது. இரவு கேப் வண்டியும் ரோஸ்டரை இழுக்கும். ஒரே வழியில் வீடு உள்ளவர்களை ஒரே நேரத்தில் முடிக்கச் சொல்வார்கள். அந்த வண்டியில் ஏறும் நால்வரும் ஒரே ஜோடிக்காரர்களாக இருந்தால் அந்த நிமிடத்தில் ஒரு வரிசை சரியும்.

அழைப்பு யாரிடம் போக வேண்டும்

நல்ல ரோஸ்டரையும் கெடுக்கக்கூடியது அழைப்பைப் பிரித்துக் கொடுக்கும் விதி. ‘யார் சும்மா இருக்கிறாரோ அவருக்குக் கொடு’ என்று விட்டால், பெரிய வரிசை இருமொழிக்காரர்களை விழுங்கிவிடும். மாலை ஐந்துக்குத் தமிழ் அழைப்பு கொட்டும்போது தமிழ்–இந்திக்காரர்கள் எல்லாரும் தமிழில் மாட்டிக்கொள்வார்கள். அப்போது வரும் ஏழெட்டு இந்தி அழைப்புகளுக்கு ஆள் இருக்காது.

அதனால் வரிசை வைத்துக் கொடுப்பார்கள். தமிழ் அழைப்பு முதலில் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குப் போகும். அவர் பேசிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கு நெரிசல் குறைவான ஜோடிக்குப் போகும். 15 விநாடி காத்தும் யாரும் கிடைக்காவிட்டால்தான் மற்றவரைத் தொடும். அப்போதும் இந்தி தெரிந்த கடைசி ஓர் ஆள் ஓய்வில் இருந்தால் அவரை விட்டுவைக்க வேண்டும். இந்த முன்னுரிமை நாள் முழுக்க ஒன்றாக இருக்க முடியாது. ஐந்து மணிக்குத் தமிழ்–மலையாளக்காரருக்கு முதல் மொழி தமிழ், ஏழரைக்கு மேல் மலையாளம். இந்த மாற்றத்தை யாராவது கையால் செய்ய வேண்டும் என்று விட்டால் ஒரு நாள் மறந்துவிடுவார்கள். நேர அட்டவணையாகவே மென்பொருளில் பதிந்துவிட வேண்டும்.

எங்கே தவறுகிறது

முதல் தவறு, நாளின் சராசரியைப் பார்த்து நிம்மதி அடைவது. ஒரு நாளில் 1,000 அழைப்பு. தமிழ் 700, அதில் 616 பேருக்கு நேரத்தில் பதில். மலையாளம் 240, அதில் 168 பேருக்கு. இந்தி 60, அதில் 16 பேருக்கு. கூட்டினால் சரியாக 800. அறிக்கையில் 80 விழுக்காடு, இலக்கு எட்டியாயிற்று. ஆனால் இந்தியில் அழைத்த நால்வரில் ஏறக்குறைய மூவர் காத்துக் கிடந்தார்கள். மொழிவாரியாகவும் அரை மணிவாரியாகவும் பிரித்துப் பார்க்காத அறிக்கை இதைக் காட்டாது.

இரண்டாவது, அரைகுறையாகத் தெரிந்த மொழியைத் திறனாகக் கணக்கில் எழுதுவது. விண்ணப்பத்தில் ‘இந்தி தெரியும்’ என்று இருக்கும். ஆனால் பணம் நடுவில் எந்த வங்கியில் நின்றது என்று இந்தியில் விளக்க அவர் திணறுவார். 4 நிமிட அழைப்பு 5 நிமிடம் ஆகும். 30 அழைப்பு 4 எர்லாங்காக இருந்தது 5 ஆகிவிடும். 7 பேர் போதும் என்ற இடத்தில் 8 வேண்டும். 7 பேரோடு ஓட்டினால் 72 விழுக்காடுதான் வரும். ஒரே ஏஜென்டின் அழைப்பு நேரத்தை மொழி வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். இரண்டாம் மொழியில் நேரம் கூடியிருந்தால் அவரை அந்த மொழிக்குக் கடைசி வரிசையில் வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பதிவேட்டில் இருக்கும் மொழியே உண்மையான தேவை என்று நம்புவது. மலையாளத்துக்கு 2-ஐ அழுத்திப் பத்து நிமிடம் காத்தவர், துண்டித்துவிட்டு மறுபடி வந்து தமிழுக்கு 1-ஐ அழுத்துவார். பதிவில் மலையாளத்தில் ஒரு கைவிட்ட அழைப்பும் தமிழில் ஒரு அழைப்பும் இருக்கும். அடுத்த மாத ரோஸ்டரில் மலையாளத்துக்கு ஆள் குறையும், காத்திருப்பு இன்னும் கூடும். ஒரே எண்ணிலிருந்து கால் மணி நேரத்துக்குள் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, முதலில் அழுத்திய மொழியிலேயே எண்ண வேண்டும். அழைப்பு வரும் நாட்டை வைத்து மொழியை ஊகிப்பதும் இதே தவறு. துபாய் எண்ணிலிருந்து தமிழரும் அழைப்பார், பீகார்க்காரரும் அழைப்பார்.

நான்காவது, நாட்காட்டி. சிங்கப்பூரில் பலருக்கு ஞாயிறு ஓய்வு. அன்று மாலை அலை உடைந்து காலையிலிருந்தே பரவும். சவுதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு. அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு மதியம் 12.30 முதல் 3 வரை கட்டாய ஓய்வு. நம் கடிகாரத்தில் அது 2 முதல் நாலரை. சிங்கப்பூர் அலை எழும் நேரத்துக்குச் சற்று முன்னால் மலையாளமும் இந்தியும் வரலாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகே அழைப்பு கூடும், அலை பின்னிரவுக்கு நகரும். ஒவ்வொரு ஆண்டும் அந்த மாதம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருவதால், சென்ற ஆண்டின் அதே தேதியைப் பார்த்து ரோஸ்டர் போட்டால் தவறும்.

தீராத மிச்சம்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு இடம் மிஞ்சும். இரவு ஒரு மணிக்குத் தெலுங்கில் அரை மணிக்கு இரண்டு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தனியே இரண்டு பேரை உட்கார வைக்க எந்த மையத்தாலும் முடியாது. ஒருவரை வைத்துவிட்டு ‘தெலுங்குச் சேவை உண்டு’ என்று சொல்வதும் ஏமாற்று. நேர்மையான வழி, காத்திருக்க வைக்காமல் எண்ணைக் குறித்துக்கொண்டு, இன்ன நேரத்துக்குத் தெலுங்கில் கூப்பிடுவோம் என்று சொல்லி, சொன்ன நேரத்தில் கூப்பிடுவது. அந்தத் திரும்ப அழைப்புகளை ஆறரை மணிப் பள்ளத்தில் போடலாம். அப்போது துபாயில் மாலை ஐந்து, ரியாத்தில் நான்கு. வேலை முடியாதவர் எடுக்க மாட்டார் என்பதால், எந்த நேரம் வசதி என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

தமிழ்–மலையாளம் பேசும் அந்த எட்டுப் பேரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் அவர்கள் தோளில் நிற்கிறது. மற்றவர்களுக்கு ஒரு அலை, அவர்களுக்கு இரண்டு. மாலையில் ஒரு மொழியில் களைத்து இரவில் இன்னொன்றில் தொடங்குகிறார்கள். எல்லா வரிசைக்கும் அவர்களையே கூப்பிடும் விதியில் அவர்களுக்கு ஓய்வு நிமிடமே இருக்காது. இரண்டாம் மொழிக்குத் தனிப்படி கொடுக்காமல், பள்ளத்தில் கிடைக்க வேண்டிய இடைவேளையையும் பறித்தால் முதலில் வேலையை விட்டுப் போவது அவர்கள்தான். எட்டில் இருவர் போனால் 22 என்பது 20 ஆவதில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்து கணக்கு மறுபடி 29-ஐ நோக்கி ஏறத் தொடங்கும். ஒவ்வொரு ஏஜென்டும் எத்தனை நிமிடம் பேசினார் என்ற பட்டியலை வாரம் ஒருமுறை மொழி ஜோடி வாரியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு ஜோடி மட்டும் தொடர்ந்து மேலே நின்றால், அடுத்து யாரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதற்கு அதுவே விடை.